தமிழும் அரபும் ஒரே காதல் அட்டையில்: வரி குழம்பாமல் அமைக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் அட்டையும் அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. வெளிநாட்டுச் சபுரில் இருக்கும் மாப்பிள்ளைமார் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரிக்கு அனுப்பும் அட்டையில் இப்போதெல்லாம் தமிழோடு அரபும் ஒரு வரி கேட்கிறார்கள். பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று ஊர் மாறினாலும் வரும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு யூசுஃப் என்பவர் மனைவி ஃபாத்திமாவுக்கு அனுப்பும் அட்டை என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் கற்பனைதான். அரபு வரி "யா நூர் ஐனீ", தமிழ் வரி "என் கண்ணின் ஒளியே". அரபு எழுத்தை அப்படியே வாக்கியத்துக்குள் போட்டால் இந்தப் பக்கமே குழம்பிவிடும். அதனால் திரையில் தெரியும் வரிசையைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டுகிறேன்.

காக்கா, நான் சரியாத்தான் அடிச்சேன். ஸ்கிரீன்ல மட்டும் ஏன் சொல்லு இடம் மாறி நிக்குது?

கணினிக்குள் எழுத்து ஒரே ஒரு வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது: நீங்கள் அடித்த வரிசை, அதாவது வாயால் சொல்லும் வரிசை. "யா" முதலில், "நூர்" அடுத்து, "ஐனீ" கடைசி. இதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. திரையில் வரையும்போதுதான் எது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. அதற்கு யூனிகோடில் தனி விதித்தொகுப்பே இருக்கிறது.

அந்த விதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குணம் உண்டு. தமிழ் எழுத்து கண்டிப்பாக இடமிருந்து வலம், அரபு எழுத்து கண்டிப்பாக வலமிருந்து இடம். இடைவெளி, ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி, இதயக்குறி இவற்றுக்கெல்லாம் சொந்தத் திசை கிடையாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பத்தியின் திசை என்ன என்று பார்த்துச் சாய்ந்துகொள்ளும். அட்டையில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி எழுத்தால் வருவதல்ல, திசையில்லாத இந்தக் குறிகளால் வருவது.

பத்தியோட திசைன்னா என்ன? அதை யார் வைக்கிறது?

நீங்கள் வைக்கலாம். வைக்காவிட்டால் மென்பொருள் வைத்துவிடும். பெரும்பாலான போன்களும் ஆப்களும் பத்தியில் வரும் முதல் திசையுள்ள எழுத்தைப் பார்க்கின்றன. அது தமிழானால் பத்தி முழுக்க இடமிருந்து வலம், அரபானால் பத்தி முழுக்க வலமிருந்து இடம்.

"ஃபாத்திமா, யா நூர் ஐனீ" என்று அடித்தால் பெயர் இடப்பக்கம் நிற்கும். அதையே "யா நூர் ஐனீ, ஃபாத்திமா" என்று மாற்றி அடித்துப் பாருங்கள். வரி முழுக்க வலது ஓரத்துக்குப் போய், அரபு வலப்பக்கமும் பெயர் அதற்கு இடப்பக்கமும் வந்துவிடும். சொற்கள் அதேதான். முதல் எழுத்து மாறியதால் பத்தியின் திசை மாறிவிட்டது. என்னிடம் "வாட்ஸ்அப்ல அனுப்பினா தானா குதிக்குது" என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான் அரபு வரியை வலப்பக்கம் ஒதுக்கிட்டேனே, அது போதாதா?

போதாது. ஒதுக்குவது வேறு, திசை வேறு. வலப்பக்கம் ஒதுக்கினால் வரி வலது ஓரத்தில் போய் நிற்கும், அவ்வளவுதான். உள்ளே பத்தியின் திசை இன்னும் இடமிருந்து வலமாகவே இருக்கும், கடைசியில் போட்ட குறி தவறான பக்கத்தில் நிற்கும். நடுவில் வைக்கும் அட்டைகளில் இந்தத் தப்பு இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

திசை மாற்றும் பொத்தான் தனியாக இருக்கும்: ஒரு பத்திக்குறியும் பக்கத்தில் அம்பும். வேர்டில் அரபு மொழியைச் சேர்த்த பிறகுதான் அது கண்ணில் படும். விண்டோஸில் அரபு விசைப்பலகை இருந்தால், வரியில் கர்சரை வைத்து வலப்பக்க `Ctrl` + `Shift` அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாகும். இடப்பக்க `Ctrl` + `Shift` அழுத்தினால் பழையபடி திரும்பும்.

சுருக்கமா சொல்லுங்க, குழம்பாம அட்டை போட எது நல்ல வழி?

தமிழுக்கு ஒரு பத்தி, அரபுக்கு ஒரு பத்தி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் திசை. முடிந்தவரை ஒரே வரியில் இரண்டையும் கலக்காதீர்கள். காதல் அட்டையில் இருப்பது நாலைந்து வரி. அதில் கலந்தே ஆகவேண்டிய வரி பெரும்பாலும் இருக்காது. ஃபாத்திமாவின் அட்டையை HTML-இல் நான் இப்படி அமைப்பேன், `lang` என்பது மொழியையும் `dir` என்பது திசையையும் சொல்லும்:

```
<p lang="ta" dir="ltr">ஃபாத்திமா,</p>
<p lang="ar" dir="rtl">يا نور عيني!</p>
<p lang="ta" dir="ltr">என் கண்ணின் ஒளியே!</p>
```

இணையத்தில் அனுப்பும் அட்டையானால் இதையே பயன்படுத்தலாம். அச்சு அட்டையானால் இதே பிரிவைத் தனித்தனி எழுத்துப் பெட்டியாக வையுங்கள். அழகுக்கும் இதுதான் நல்லது. அரபுக்கும் தமிழுக்கும் எழுத்தின் உயரம் ஒன்றல்ல, தனிப் பெட்டியில் இருந்தால் அளவைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

இல்ல காக்கா, ஒரே வரியிலதான் வேணும். ஆச்சரியக்குறி மட்டும் ஓடிப்போகுது, அதைப் பிடிச்சு நிறுத்த முடியுமா?

முடியும். "ஃபாத்திமா, யா நூர் ஐனீ!" என்று தமிழ்ப் பத்தியில் அடித்தால் திரையில் இடமிருந்து இப்படித் தெரியும்:

```
ஃபாத்திமா, ஐனீ நூர் யா!
```

அரபு படிப்பவர் வலமிருந்து வருவார். அவருக்கு "யா" என்ற முதல் சொல்லுக்கும் முன்னால் ஆச்சரியக்குறி நிற்கிறது. காரணம், குறிக்கு ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் எதுவுமே இல்லை. அதனால் பத்தியின் திசையோடு போய்விட்டது. குறிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலத்திசைக் குறியீட்டை, அதாவது `U+200F`-ஐப் போட்டால் ஆச்சரியக்குறி இரண்டு அரபுக் குணங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அரபோடு சேரும்:

```
ஃபாத்திமா, !ஐனீ நூர் யா
```

தமிழ்க் கண்ணுக்கு இது விநோதம். அரபு வாசகருக்கு இதுதான் சரி. வேர்டில் `200F` என்று அடித்து உடனே `Alt` + `X` அழுத்தினால் குறியீடு விழும். நோட்பேடில் வலது கிளிக் செய்தால் `Insert Unicode control character` என்ற பட்டியலில் `RLM` என்று இருக்கும். லிப்ரே ஆபீஸில் `Insert` பட்டியலின் `Formatting Mark` பகுதியில் பாருங்கள்.

கேள்விக்குறிக்கு இந்தப் பாடு வேண்டாம். அரபுக் கேள்விக்குறி தனி எழுத்து, அதற்கே வலமிருந்து இடத் திசை உண்டு. நம்ம கேள்விக்குறியைப் போடாமல் அரபு விசைப்பலகையில் உள்ளதைப் போட்டால் அது நகராது.

அரபுக்குப் பின்னாடி மறுபடி தமிழும் வருது. ஒவ்வொரு குறிக்கும் இப்படிப் போட்டுக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். அரபுத் துண்டை மொத்தமாகத் தனிமைப்படுத்திவிடலாம். அதற்கென்றே 2013-இல் யூனிகோடு 6.3 பதிப்பில் புதுக் குறியீடுகள் வந்தன. தொடக்கத்தில் `U+2067`, முடிவில் `U+2069`. இவற்றுக்கு நடுவில் இருப்பது தனக்குள் வலமிருந்து இடமாக ஓடும், வெளியில் இருக்கும் தமிழைத் தொடாது. வெளியில் இருப்பதும் உள்ளே நுழையாது. இணைய அட்டையில் அதையே `bdi` என்ற HTML குறிச்சொல் செய்யும்:

```
<p lang="ta" dir="ltr">ஃபாத்திமா,
<bdi lang="ar" dir="rtl">يا نور عيني!</bdi>
என்றும் உன்னோடு.</p>
```

பழைய மென்பொருளுக்கு இந்தப் புதுக் குறியீடுகள் தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும் அல்லது கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட இடத்தில் முந்தைய பதிலில் சொன்ன `U+200F` வழியே கைகொடுக்கும்.

எனக்கு அரபு தெரியாதுண்ணே. சரியா தெரியுற மாதிரி சொல்லை மாத்தி மாத்தி அடிச்சுட்டேன். தப்பா?

தப்புதான், அதுவும் பின்னால் வலிக்கும் தப்பு. இராமநாதபுரத்தில் வடிவமைக்கும் தம்பிகள் பலர் இதைச் செய்கிறார்கள். திரையில் "யா" வலது ஓரத்தில் வரவேண்டும் என்று "ஐனீ, நூர், யா" எனப் பின்னிருந்து அடிப்பது. இன்றைக்கு அந்த ஒரு பெட்டியில், அந்த ஒரு பதிப்பில் சரியாகத் தெரியும். நாளைக்கு அதே கோப்பை வேறு கணினியில் திறந்தாலோ, சரியான திசையை யாராவது வைத்தாலோ எல்லாம் தலைகீழாகும். பெட்டியின் அகலம் குறைந்து வரி மடிந்தால் இன்னும் மோசம்: கடைசிச் சொல் மேல் வரியிலும் முதல் சொல் கீழ் வரியிலும் போய் நிற்கும்.

சொல்லும் வரிசையில் அடியுங்கள். தெரிவது தவறாக இருந்தால் திசையைத் திருத்துங்கள், எழுத்தைத் தொடாதீர்கள். அடைப்புக்குறிக்கும் இதேதான். அரபுப் பத்தியில் திறக்கும் குறியை அடித்தால் அது தானாகத் திரும்பி நிற்கும். மூடும் குறிபோல் தெரிகிறதே என்று மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் கெட்டுவிடும்.

போட்டோஷாப்ல ஒட்டினா அரபு எழுத்தெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு வருதே, இதுவும் திசைப் பிரச்சினையா?

பாதி திசை, பாதி இணைப்பு. அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஓர் உருவம், நடுவில் ஓர் உருவம், முடிவில் ஓர் உருவம் எடுக்கும். எழுத்து இயந்திரம் அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் எழுத்துகள் உதிரியாக, அதுவும் இடமிருந்து வலமாக வந்து விழும். உங்கள் போட்டோஷாப் பதிப்பில் எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், விருப்பத் தேர்வுகளில் `Type` பகுதிக்குப் போய் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் அதன் பெயர் `Middle Eastern and South Asian`. இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer`. ஏற்கெனவே அடித்த பெட்டி சில நேரம் பழைய இயந்திரத்திலேயே இருக்கும், புதுப் பெட்டி திறந்து ஒட்டுங்கள்.

இதே அமைப்புதான் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" உடைந்து போவதையும் சரிசெய்யும். இயந்திரம் சரியாக இருந்தும் எழுத்து பிரிந்தால், எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தலைப்பை அகலமாக்க அதைக் கூட்டும் பழக்கம் நமக்கு உண்டு. அரபில் அது இணைப்பை அறுத்துவிடும். பூஜ்ஜியத்தில் வையுங்கள்.

அரபு சரியாயிடுச்சு. இப்ப தமிழ்ல புள்ளி ஓடிப்போச்சு! என்ன கொடுமை இது?

நீங்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தமிழை அடித்து, அதை வலமிருந்து இடம் ஓடும் பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழானாலும் உள்ளே சேமிப்பது ஆங்கில விசைகள்தான். "தமிழ்" என்ற சொல் உள்ளே இப்படி இருக்கும்:

```
jkpo;
```

கடைசியில் இருக்கும் அரைப்புள்ளிதான் நம்ம மெய்ப்புள்ளி. ஆனால் கணினிக்கு அது திசையில்லாத வெறும் குறி. முன்பு ஆச்சரியக்குறி ஓடிய அதே காரணத்தால், வலமிருந்து இடப் பத்தியில் அது சொல்லின் இடது ஓரத்துக்குத் தாவும். "ழ்"-இன் புள்ளி போய் "த"-வுக்கு முன்னால் நிற்கும்.

கடைகளில் பழைய எழுத்துருக்களில் அழகானவை நிறைய இருப்பதால் அவற்றை விடச் சொல்ல மனம் வராது. விடவும் வேண்டாம். அந்தப் பெட்டியின் திசை இடமிருந்து வலமாக இருக்கட்டும், அரபை அதற்குள் விடாதீர்கள். ஒரே வரியில் கலந்தே ஆகவேண்டும் என்றால் தமிழை யூனிகோடுக்கு மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. யூனிகோடில் புள்ளி முந்தைய எழுத்தோடு ஒட்டிய குறி, அதன் திசையையே எடுத்துக்கொள்ளும், தனியாக ஓடாது.

பெயர் ரெண்டையும் அரபுலயும் தமிழ்லயும் போட்டோம். அரபுல மாப்பிள்ளை பெயர் முதல்ல வந்துடுச்சுன்னு லாத்தா கோவிக்கிறாங்க. மாத்திரவா?

மாற்றாதீர்கள். "ஃபாத்திமா, இதயக்குறி, யூசுஃப்" என்று இரண்டு எழுத்திலும் ஒரே வரிசையில் அடித்திருக்கிறீர்கள். தமிழில் ஃபாத்திமா இடப்பக்கம். அரபில் ஃபாத்திமா வலப்பக்கம், ஏனென்றால் அங்கே தொடக்கம் அதுதான். நடுவில் உள்ள இதயக்குறிக்கு இரு பக்கமும் அரபு இருப்பதால் அதுவும் அரபோடு சேர்ந்துவிட்டது, பத்தி தமிழாக இருந்தாலும் இப்படித்தான் வரும். வரிகளை மேலும் கீழுமாக வைத்துப் பார்க்கும்போது அரபு யூசுஃபுக்குக் கீழே தமிழ் ஃபாத்திமா நிற்பதால் மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. லாத்தாவிடம் அரபு வரியைச் சத்தமாக ஓதச் சொல்லுங்கள். அவர் வாயில் ஃபாத்திமாதான் முதலில் வரும்.

உண்மையான சிக்கல் மேலே புகைப்படம் இருந்தால்தான். இடப்பக்கப் படத்துக்குக் கீழே அவர் பெயரும் வலப்பக்கப் படத்துக்குக் கீழே இவர் பெயரும் வரவேண்டும். அங்கே இரண்டு பெயரையும் ஒரே வரியாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பெட்டி: மேலே அரபுப் பெயர், கீழே தமிழ்ப் பெயர். அப்போது வரிசை என்ற பேச்சே இல்லை.

பெயருக்கு நடுவுல இதயத்துக்குப் பதிலா அம்புக்குறி போடலாமா?

போடலாம், ஆனால் கவனம். அடைப்புக்குறி திரும்புவது மாதிரி அம்புக்குறி தானாகத் திரும்பாது. ஃபாத்திமாவிடமிருந்து யூசுஃபுக்குப் போகவேண்டிய வலப்பக்க அம்பு அரபு வரியில் ஃபாத்திமாவையே குறி வைக்கும். அரபு வரிக்கு இடப்பக்கம் பார்க்கும் அம்பைக் கையால் மாற்றுங்கள். எனக்கென்னவோ இதயமே மேல்.

கல்யாணத் தேதி 14-02-2024ன்னு போட்டா 2024-02-14ன்னு வருது. அரபுல எண்ணும் வலமிருந்துதானா?

இல்லை. எண்ணை அரபிலும் பெரிய இலக்கம் இடப்பக்கம் இருக்கும்படிதான் எழுதுகிறார்கள், 1 2 3 ஆனாலும் அரபு எழுத்துமுறையின் எண்களானாலும். அதனால் 2024 ஒருபோதும் 4202 ஆகாது. குழம்புவது எண்களுக்கு நடுவில் உள்ள கோடு.

அரபு எழுத்துக்குப் பின்னால் எண் வந்தால் விதி அதை அரபு எண்ணாகக் கருதுகிறது. அந்த நிலையில் சாய்கோடு, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி இவை இரண்டு எண்களுக்கு நடுவில் ஒட்டி வந்தால் எண்ணோடு சேர்ந்துகொள்ளும். இணைப்புக்கோடு சேராது. அதனால் மூன்று எண்ணும் மூன்று தனிச் சொல்லாகப் பிரிந்து வலமிருந்து அடுக்கப்படும். `14/02/2024` என்று இடைவெளி இல்லாமல் சாய்கோடு போட்டால் அப்படியே நிற்கும். சாய்கோட்டுக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டால் அதுவும் பிரிந்துவிடும். தேதியைத் தனி வரியில் வைத்தால் இணைப்புக்கோடே இருந்தாலும் குழம்பாது, முன்னால் அரபு எழுத்து இல்லாததால்.

02-03 மாதிரி தேதியில்தான் ஆபத்து அதிகம். புரண்டு வந்தாலும் செல்லுபடியாகும் தேதியாகவே தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுவது பாதுகாப்பு.

ஆயத்து ஒண்ணு போடலாம்னு இருக்கோம், ரூம் சூரா 30 : 21. எண்ணு சரியா வருமா?

நீங்கள் அடித்த மாதிரி இடைவெளி விட்டால் வராது. அரபு வரியில் அது 21 : 30 ஆகிவிடும். அது அன்பியா சூராவின் வேறு ஆயத்து, உயிருள்ள எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து படைத்ததைச் சொல்வது. இணைகளுக்கு நடுவே அன்பையும் இரக்கத்தையும் வைத்ததைச் சொல்லும் ஆயத்து 30:21. முந்தைய பதிலில் சொன்னபடி இடைவெளி இல்லாமல் `30:21` என்று ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணைத் தமிழ் வரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆயத்தை நீங்களே அடிக்கவும் வேண்டாம். உயிர்க்குறிகளோடு சரிபார்க்கப்பட்ட பிரதியிலிருந்து எடுத்து, அச்சுக்கு முன் ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். கேக் பெட்டியோடு போய்க் குப்பையில் விழக்கூடிய அட்டையில் ஆயத்தே வேண்டாம் என்பது என் கட்சி. "யா நூர் ஐனீ" போதும்.

எங்க உம்மம்மாவுக்கு வாப்பப்பா அரபுத்தமிழ்ல எழுதின கடிதத்துல ஒரு வரி எடுத்து அட்டையில போடணும். அது தமிழ்தானே, இடமிருந்து வலமா வைக்கலாமா?

பேச்சு தமிழ், எழுத்து அரபு. திசை எழுத்தோடு போவது, மொழியோடு போவதில்லை. அதனால் வலமிருந்து இடம். மேலே அரபு வரிக்குச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். இணைய அட்டையில் `lang` தமிழாகவே இருக்கட்டும், `dir` மட்டும் `rtl`:

```
<p lang="ta-Arab" dir="rtl">...</p>
```

`ta-Arab` என்றால் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் என்று பொருள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) உட்பட இந்தக் கடற்கரையில் பலர் எழுதிக் குவித்த எழுத்து இது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகள் இதில் உண்டு. போனில் உள்ள சாதாரண எழுத்துருவில் அவை இல்லாமல் போகலாம், அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு உருவத்திலோ கட்டமாகவோ தெரியும். அப்படியானால் அடிக்காதீர்கள். கடிதத்தின் அந்த வரியை நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுத்துப் படமாகவே வையுங்கள். வாப்பப்பா கையெழுத்து எந்த எழுத்துருவிலும் கிடைக்காது, திசைக் குழப்பமும் படத்துக்கு வராது.

அரபு வரி நீளமாப் போய் மடிஞ்சா என்ன ஆகும்?

அரபுக்குத் தனிப் பெட்டி, சரியான திசை என்றால் ஒன்றும் ஆகாது. தமிழ் வரிக்குள் மாட்டிய அரபு மடிந்தால்தான் தொல்லை. "யா நூர்" மேல் வரியின் கடைசியிலும் "ஐனீ" கீழ் வரியின் இடது தொடக்கத்திலும் நிற்கும். விதிப்படி அது சரி, ஆனால் படிப்பவர் கண் எங்கெங்கோ தாவும். பெட்டியை அகலப்படுத்துங்கள், அல்லது அரபுக்கு முன்பே வரியை முறித்துவிடுங்கள்.

எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு கையால் வெட்டி இரண்டு வரியாக்குவதுதான் பெரிய ஆபத்து. வடிவமைப்பவர் இடப்பக்கம் இருப்பதை மேல் வரிக்கும் வலப்பக்கம் இருப்பதைக் கீழ் வரிக்கும் கொண்டுபோவார். அரபில் அது கடைசியை முதலில் வைப்பது. வரி முறிப்பது எல்லாம் கோட்டு வடிவமாக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

பழைய அட்டை பிடிஎஃப்ல இருக்கு. அதிலிருந்து அரபை காப்பி எடுத்துக்கலாமா?

எடுக்காமல் இருப்பது நல்லது. சில பிடிஎஃப்களில் எழுத்து சொல்லும் வரிசையில் இல்லாமல் திரையில் தெரிந்த வரிசையில் இருக்கும். ஒட்டினால் சொற்கள் பின்னிருந்து வரும், சில நேரம் எழுத்துகளே பின்னிருந்து வரும். வாடிக்கையாளரிடம் அரபு வரியை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி, தனிக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

அரபு படிக்கத் தெரியாத நான் எப்படிச் சரிபார்க்கிறது?

முதல் சொல் எது, கடைசிச் சொல் எது என்று அனுப்பியவரிடம் கேட்டு, இரண்டையும் தனித்தனி வரியில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றின் உருவத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும். அட்டையில் முதல் சொல் அரபு வரியின் வலது ஓரத்திலும் கடைசிச் சொல் இடது ஓரத்திலும் இருக்கவேண்டும். வரி முடிவில் போட்ட குறி கடைசிச் சொல்லுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். அனுப்பிய சொல்லில் சேர்ந்திருந்த எழுத்துகள் அட்டையிலும் சேர்ந்தே இருக்கவேண்டும். அரபில் சில எழுத்துகள் அடுத்ததோடு இயல்பாகவே சேராது, எனவே ஒப்பிட்டுத்தான் பார்க்கமுடியும். பிறகு அச்சுக்குப் போகும் கோப்பையே படமெடுத்து ஓதத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, அவர் படிப்பதைக் குரல் பதிவாக வாங்குங்கள். "சரியா இருக்கு" என்று எழுதி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. பார்த்தவுடன் மனம் தானே சரிசெய்து படித்துவிடும்.

தங்க ஃபாயில் அடிக்க பிளாக் வந்துச்சு. அதுல அரபு இடமிருந்து வலமா ஓடுது. பிளாக்கைத் திருப்பி அனுப்பவா?

முதலில் அதே பிளாக்கில் உள்ள தமிழைப் பாருங்கள். பிளாக் கண்ணாடி பிம்பமாகத்தான் இருக்கும், அடிக்கும்போது நேராகும். தமிழும் திரும்பியிருந்தால் "யா" இடப்பக்கம் இருப்பதுதான் சரி. தமிழ் திரும்பி, அரபு மட்டும் நேராகத் தெரிந்தால்தான் கோப்பில் யாரோ அரபைத் தனியாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாக்கைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் படமெடுத்து, முந்தைய பதிலில் சொன்ன ஓரச் சோதனையை அந்தப் படத்தில் செய்யுங்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.